கழுத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள், பலன்களைப் பிறகு சொல்லலாம்

கேள்வி: திருகோணமலையில் தாதிய மாணவிகளுக்குப் பிரசவத்துக்குப் பின்னரான பராமரிப்பைக் கற்பிக்கிறேன். குழந்தையைத் தாயின் நெஞ்சில் தோலோடு தோலாக வைத்துக் கட்டும் கங்காரு தாய்ப் பராமரிப்பின் பலன்களைக் கேட்டால் மாணவிகள் பத்தையும் வரிசையாக ஒப்பிப்பார்கள். விடுதிக்குப் போனால் ஒரு தாயையும் இணங்க வைக்க முடியவில்லை. போன வாரம் மூதூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இளம் தாய் வந்தார். இருபது வயது, முதல் பிள்ளை, 34 வாரத்தில் சிசேரியன், குழந்தையின் நிறை 1.72 கிலோ. இரண்டாம் நாள் ஒரு மாணவி குழந்தையைத் தாயின் நெஞ்சில் வைத்துக் கட்டினாள். பத்து நிமிடத்தில் முகம் நீலமாகிவிட்டதென்று தாய் அலறினார். தாதி ஓடி வந்து தூக்கியதும் சரியாகிவிட்டது. அதன் பிறகு அவர் பிள்ளையைத் தொடவே பயப்படுகிறார். கண்ணாடிப் பெட்டிதான் பாதுகாப்பு என்கிறார் மாமியார். மாணவி அழுதபடி இருக்கிறாள். குழந்தை முழுதாகத் தேறும்வரை பொறுத்திருக்க வேண்டுமா? பலன்களை இன்னும் அழுத்திச் சொல்லப் பழக்க வேண்டுமா? இந்த வெக்கையில் இது தேவைதானா?
– பெயர் வேண்டாம், திருகோணமலை

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

மாணவி, மாமியார், வெக்கை எல்லாவற்றுக்கும் முன்னால் குழந்தையைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். நீலமானதன் பிறகு வைத்தியர் பார்த்தாரா? தூக்கியதும் சரியாகிவிட்டது என்பது பெரும்பாலும் கழுத்து மடங்கியதற்கான அடையாளம்தான். ஆனால் 34 வாரத்தில் பிறந்த குழந்தை மூச்சை இடையில் நிறுத்துவதற்கு வேறு காரணங்களும் உண்டு. குருதியில் சீனி குறைந்திருக்கலாம், உடல் குளிர்ந்திருக்கலாம், கிருமித்தொற்று தொடங்கியிருக்கலாம், மூளையின் மூச்சுக் கட்டுப்பாடு இன்னும் முதிராமலும் இருக்கலாம். கடிதத்தை வைத்து இவற்றில் எதையும் நான் விலக்க முடியாது. வைத்தியர் இன்னும் பார்க்கவில்லையென்றால் இன்றே காட்டுங்கள். அவர் பார்த்து, காரணம் கழுத்துத்தான் என்று ஆனால் மேற்கொண்டு படியுங்கள்.

நான் பச்சிளம் குழந்தைகள் பிரிவுகளில் வேலை செய்த வருடங்களில் இதே காட்சியைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஒருமுறை கட்டிவிட்டவனே நான்தான். குழந்தையைக் கட்டி, துணியை நீவி, அழகாக இருக்கிறதென்று திருப்திப்பட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது தாடை நெஞ்சில் முட்டி, உதடு மங்கியிருந்தது. துணியைப் பார்த்தேனே தவிர, அதற்குள் இருந்த கழுத்தை நான் பார்க்கவில்லை.

உங்கள் கேள்வியில் ஒரு கணிப்பு ஒளிந்திருக்கிறது. பலன் தெரியாததால்தான் தாய்மார் மறுக்கிறார்கள், ஆகவே பலனை உரக்கச் சொன்னால் இணங்குவார்கள் என்பது அது. அந்த மூதூர்த் தாய்க்குப் பலன் தெரியாமல் இல்லை. மாணவி சொன்னதை நம்பித்தானே பிள்ளையை நெஞ்சில் வாங்கினார்? அவர் கண்ட நீலம் கற்பனையும் அல்ல. சரியாகக் கண்டார், சரியான நேரத்தில் அலறினார். அந்த விடுதியில் அந்த நிமிடம் குழந்தையைக் கவனித்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். அவரிடம் போய் "பயப்படாதீர்கள், இதனால் தாய்ப்பால் பெருகும்" என்றால், அவர் கண்டதை நாம் மறுப்பதாகத்தான் அவருக்குப் படும்.

பொறுத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். நீங்கள் படித்த காலத்தில் "குழந்தை தேறிய பிறகு" என்றுதான் கற்பித்திருப்பார்கள். எனக்கும் அப்படித்தான். இந்த முறை 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஒரு வைத்தியசாலையில் எட்கார் ரே சனாப்ரியா என்ற வைத்தியர் தொடங்கியது. பெட்டி இல்லாத இடத்துக்கான மாற்று என்ற எண்ணம் அதனாலேயே நெடுங்காலம் ஒட்டிக்கொண்டது. அந்த மாமியார் சொல்வதும் அந்தப் பழைய எண்ணத்தின் மிச்சம்தான்.

கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு இந்த எண்ணத்தை மாற்றியது. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குக் குறைவான நிறையுள்ள குழந்தைகளை அதில் சேர்த்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பிறந்த உடனேயே கங்காரு முறையைத் தொடங்கினார்கள். மற்றவர்களுக்கு வழக்கம்போல, தேறிய பிறகு தொடங்கினார்கள். 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் முதல் பகுதியில் 12.0 சதவீதம், மற்றதில் 15.7 சதவீதம். இதைத் தொடர்ந்து உலக சுகாதார நிறுவனம் 2022இல் தன் பரிந்துரையைத் திருத்தியது. நிறை குறைந்த, குறைமாதக் குழந்தைகள் எல்லோருக்கும் பிறந்தவுடனேயே தொடங்கலாம், ஒரு நாளில் 8 முதல் 24 மணித்தியாலம் வரை, முடிந்த அளவு அதிகமாகச் செய்யலாம் என்கிறது அது. விலக்கு மூன்றுதான்: உயிர்ப்பித்த பிறகும் தானாக மூச்சு விடாத குழந்தை, குருதியோட்டம் குன்றி அதிர்ச்சி நிலையில் உள்ள குழந்தை, செயற்கைச் சுவாசம் தேவைப்படும் குழந்தை. 1.72 கிலோ என்றால் நீங்கள் சொல்லும் குழந்தை அந்த ஆய்வுக்குள் வந்திருக்கக்கூடிய குழந்தை.

மாணவிகள் ஒப்பிக்கும் பத்துப் பலன்களில் தாய்க்குச் சொல்ல மூன்று போதும். குளிராது, கிருமி தொற்றுவது குறையும், பால் நன்றாகச் சுரக்கும். சொல்லும்போது காரணத்தோடு சொல்லப் பழக்குங்கள். இந்த நிறையில் தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு. உடல் குளிர்ந்தால் குழந்தை தன் சீனியையும் இருக்கிற கொழுப்பையும் எரித்துத்தான் சூடாக வேண்டும். சீனி தீர்ந்தால் சோர்ந்துபோய்ப் பால் குடிக்காது. தாயின் நெஞ்சு அந்தச் செலவை ஏற்றுக்கொள்கிறது. இவ்வளவும் நாலு வசனம்தான், மாமியாருக்கும் விளங்கும்.

அரிசிப் பிள்ளை

மாணவிகளுக்குத் தாயின் பக்கம் தெரிய வேண்டுமென்றால் அவர்கள் நெஞ்சிலேயே ஒன்றைக் கட்ட வேண்டும். பயிற்சிக்கூடத்து பிளாஸ்டிக் பொம்மை உதவாது, அதன் கழுத்து விறைப்பானது. குழந்தைச் சட்டையொன்றின் கை கால்களைத் தைத்து மூடி, 1.7 கிலோ சம்பா அரிசியை நிரப்புங்கள். தலைக்கு ஒரு காலுறைக்குள் டென்னிஸ் பந்து. கழுத்தை வேண்டுமென்றே தொளதொளவென்று தையுங்கள், தலை எந்தப் பக்கமும் சாய வேண்டும்.

அதைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு மாணவியும் ஒரு பின்னேரம் இரண்டு மணித்தியாலம் இருக்கட்டும். தேநீர் குடிக்கட்டும், குறிப்பு எழுதட்டும், கட்டிலில் படுத்து எழும்பட்டும். நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய், பந்துத் தலைக்கும் பொம்மையின் நெஞ்சுக்கும் நடுவில் உங்கள் விரலை விட்டுப் பாருங்கள். விரல் நுழையாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு மூச்சில்லை என்று அர்த்தம். முதல் நாளில் பாதிப் பேருக்காவது நுழையாது. யாரும் திட்ட வேண்டியதில்லை, அந்த விரலே போதும்.

இருப்பு முறையைக் கற்பிக்க இதைவிட நல்ல தருணம் இல்லை. குழந்தை இரு மார்புகளுக்கும் நடுவில் நிமிர்ந்து, நெஞ்சோடு நெஞ்சாக இருக்க வேண்டும். தலை ஒரு பக்கம் திரும்பி, கழுத்து சற்றே நிமிர்ந்திருக்க வேண்டும். பூவை முகர முகத்தை நீட்டுவோமே, அந்த அளவு. மடங்கினாலும் மூச்சுக்குழாய் அடைபடும், மிகையாகப் பின்னால் வளைந்தாலும் அடைபடும். கால்கள் தவளைக் கால்கள்போல அகன்று மடங்கியிருக்கும். துணியின் மேல் விளிம்பு காதுக்குச் சற்றுக் கீழே வர வேண்டும். துணியின் இறுக்கம் குழந்தையின் நெஞ்சின் மேல் விழ வேண்டும், வயிற்றை அமுக்கக் கூடாது. தாய் எழுந்து நின்றாலும் குழந்தை கீழே சரியக் கூடாது. சரியும்போதுதான் தாடை நெஞ்சில் முட்டுகிறது. உங்கள் மாணவியின் கட்டு தளர்ந்து, பத்து நிமிடத்தில் குழந்தை மெல்ல இறங்கியிருக்கும் என்பது என் ஊகம்.

இதே பொம்மையில் ஆபத்து வேளையையும் பழக்குங்கள். கழுத்தை நேராக்குவது, முதுகைத் தேய்ப்பது, உள்ளங்காலைச் சுண்டுவது, உதவிக்குக் குரல் கொடுப்பது. அதற்கும் மூச்சு வராவிட்டால் பையும் முகமூடியும் கொண்டு காற்றூட்ட வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த தாதி கூப்பிடு தூரத்தில் இல்லாத வேளையில் ஒரு மாணவி தனியாகக் கட்டிவிடக் கூடாது. உங்கள் மாணவியைத் தனியே விட்டது அவளுடைய குற்றம் அல்ல என்பதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

பயந்த தாயிடம் எப்படிப் பேசுவது?

முதல் வாக்கியம் கேள்வியாக இருக்கட்டும்: "எதைக் கண்டு பயந்தீர்கள், தங்கச்சி?" பதிலை இடைமறிக்காமல் கேட்க வேண்டும். பெரும்பாலான தாய்மார் ஒரே விடயத்தைத்தான் வேறுவேறு விதமாகச் சொல்வார்கள். பிள்ளை தன் நாடிக்குக் கீழே இருக்கிறது, முகம் தெரியவில்லை, மூச்சு விடுகிறதா என்று தெரியவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தால் பார்க்கலாம். அந்தப் பெட்டியின் மேல் அவர்களுக்குள்ள நம்பிக்கை இப்படிப் பார்க்க முடிவதால் வருவது.

ஆகவே ஒரு சிறிய முகம் பார்க்கும் கண்ணாடியை அவர் கையில் கொடுங்கள். சந்தையில் மலிவாகக் கிடைப்பது போதும். அதைப் பிடித்து அவர் மூன்றைப் பார்க்கட்டும்: உதடும் நாக்கும் என்ன நிறம், தாடை நெஞ்சில் முட்டுகிறதா, மூக்கு மூடியிருக்கிறதா. கையும் காலும் முதல் நாட்களில் கொஞ்சம் நீலமாக இருப்பது உண்டு, அதைக் கண்டு அலற வேண்டாம். உதடும் நாக்கும் நீலமானால் அலறத்தான் வேண்டும்.

அடுத்தது மூச்சு. குறைமாதக் குழந்தை கடிகாரம்போல மூச்சு விடாது. விரைவாகச் சில மூச்சு, பிறகு ஐந்து பத்து விநாடி நிற்கும், மறுபடி தொடங்கும். இதை முன்கூட்டிச் சொல்லாத தாய்க்கு ஒவ்வொரு நிற்பும் ஒரு சாவு. மாணவி பக்கத்தில் அமர்ந்து, தாயின் கையைக் குழந்தையின் முதுகில் வைத்து, இருவரும் சேர்ந்து எண்ண வேண்டும். நிறம் மாறாமல் பத்துக்குள் தொடங்கிவிட்டால் அது இந்த வயதின் வழக்கம். இருபது வரை போனாலோ, அதற்கு முன்பே நிறம் மங்கினாலோ முதுகைத் தேய்த்துக்கொண்டே கூப்பிட வேண்டும். ஏழெட்டுத் தடவை எண்ணிய பிறகு தாயின் தோள் தளர்வதை நீங்களே காண்பீர்கள்.

மூன்றாவது வெப்பமானி. நெஞ்சில் வைப்பதற்கு முன் அக்குளில் ஒருமுறை, ஒரு மணித்தியாலம் கழித்து ஒருமுறை. இரண்டையும் தாயே வாசித்துச் சொல்லட்டும். 36.5க்கும் 37.5 பாகைக்கும் நடுவில் இருந்தால் நல்லது. 36.2இல் தொடங்கி 36.8 ஆனதைத் தன் கண்ணால் கண்ட தாயிடம் அதற்கு மேல் பலன் சொல்லத் தேவையிராது.

சிசேரியன் காயத்தைப் பற்றித் தாய் கேட்காவிட்டாலும் நீங்கள் பேசுங்கள். காயம் பெரும்பாலும் அடிவயிற்றின் கீழ்க்கோடியில் குறுக்காக இருக்கும், குழந்தையின் கால்கள் தொப்புளுக்கு மேலேயே முடிந்துவிடும். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, முழங்காலுக்குக் கீழ் ஒரு தலையணை வைத்தால் வயிறு இழுபடாது. மல்லாந்து தட்டையாகப் படுக்க வேண்டாம். முதுகு ஏறத்தாழ 30 பாகை உயர்ந்த நிலையில், துணி சரியாகக் கட்டியிருந்தால், தாய் அப்படியே உறங்கவும் செய்யலாம். பல மாணவிகள் "நித்திரை கொள்ளக் கூடாது" என்று சொல்லிவிடுகிறார்கள். இரவில் உறங்க முடியாத முறையை எந்தத் தாயால் எட்டு மணித்தியாலம் தொடர முடியும்?

மறைப்பும் முக்கியம். மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ வரும் ஒரு தாய், பார்வையாளர் நேரத்தில் நெஞ்சைத் திறந்துகொண்டிருக்கச் சம்மதிக்கமாட்டார், அதை எதிர்பார்ப்பதே பிழை. முன்பக்கம் திறக்கும் சட்டை, அதன் கீழ் கட்டுத்துணி, மேலே அவருடைய முந்தானையோ மேல்துணியோ. வெளியே தெரிவது குழந்தையின் முகம் மட்டும். திரையை இழுத்துவிட்ட பிறகே சட்டையைக் கழற்றச் சொல்ல வேண்டும் என்பதை மாணவிகளுக்கு ஒரு விதியாகவே சொல்லுங்கள்.

மாமியாரோடு வாதாட வேண்டாம். தாய் குளிக்கப் போகும்போது, சாப்பிடும்போது, அந்த மாமியாரின் நெஞ்சில் வைத்துப் பாருங்கள். கங்காரு முறையைத் தாய் மட்டுமல்ல, தகப்பனும் மாமியும் அம்மம்மாவும் செய்யலாம். கையைக் கழுவி, காய்ச்சல் தடிமன் இல்லாதவராக இருந்தால் போதும். கண்ணாடியையும் அவரிடமே கொடுங்கள். என் அனுபவத்தில் அதற்கு அடுத்த நாள் மற்றக் கட்டில்காரருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பவர் அந்த மாமிதான்.

வெக்கையும் வியர்வையும்

வெளியே வெயில் கொளுத்தினாலும் 1.7 கிலோ குழந்தை குளிரும். மின்விசிறிக்கு நேர் கீழே, ஈரத் துணியோடு, விடியற்காலையில், குளிரூட்டிய அறையில். மறுபக்கம், வைகாசி வெக்கையில் தொப்பியும் காலுறையும் போர்வையும் சேர்ந்தால் சூடு ஏறவும் கூடும். அதனால் இங்கே பருவத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் வெப்பமானியைப் பார்த்து முடிவு செய்யச் சொல்லுங்கள். 37.5ஐத் தாண்டினால் முதலில் மேற்போர்வையை எடுங்கள், பிறகு தொப்பியை. சிறிது நேரத்தில் இறங்காவிட்டால் அது வெக்கையாக இல்லாமல் தொற்றாகவும் இருக்கலாம், வைத்தியரிடம் சொல்ல வேண்டும். விசிறி ஓடட்டும், காற்று நேரே குழந்தைமேல் படாதபடி திருப்பிவிட்டால் போதும். கட்டுத்துணிக்கு வீட்டிலிருந்து வரும் பழைய நூல் சேலையே சிறந்தது, வியர்வையை அது குடித்துவிடும். வாசனைத் தைலமும் பவுடரும் நெஞ்சில் வேண்டாம்.

பதிவேட்டில் பொய்

ஒன்றை நேராகக் கேட்கிறேன். உங்கள் மாணவிகள் கங்காரு முறை "செய்யப்பட்டது" என்று ஒரு சரி அடையாளம் போட்டுவிட்டு வருகிறார்களா? இருபது நிமிடமும் ஒரு சரிதான், பத்து மணித்தியாலமும் ஒரு சரிதான். ஒரு மணித்தியாலத்துக்குக் குறைவாக வைத்து எடுப்பதில் நன்மை குறைவு, கட்டி அவிழ்க்கும் அலைக்கழிப்பே குழந்தைக்கு மிஞ்சும். கட்டிய நேரம், எடுத்த நேரம் இரண்டையும் தாயே எழுதும் தாளொன்றைக் கட்டிலில் தொங்கவிடுங்கள். நாளின் முடிவில் கூட்டுங்கள். முதல் நாள் மூன்று மணித்தியாலம் வந்தால் அது மூன்று என்றே இருக்கட்டும், மறுநாள் ஐந்தாக்குவது எப்படி என்று பேசலாம்.

அதே தாளில் நிறையும் ஏறட்டும். ஆனால் முதல் நாட்களில் நிறை குறையும் என்பதை அது குறைவதற்கு முன்பே சொல்லுங்கள். 1.72 கிலோ நாலாம் நாளில் 1.60 ஆனால், பிறந்த நிறையில் பத்து சதவீதத்துக்கு உட்பட்ட குறைவுதான். சொல்லாமல் விட்டால் "நெஞ்சில் வைத்ததால்தான் மெலிந்தது" என்று குடும்பம் முடிவுகட்டிவிடும். திரும்ப ஏறத் தொடங்கிய பிறகு, ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 கிராம் என்ற கணக்கில், இந்தக் குழந்தைக்கு ஏறத்தாழ 25 கிராம் எதிர்பார்க்கலாம். அதைவிடக் குறைவாகவே நாலைந்து நாள் தொடர்ந்தால் பாலின் அளவையும் குடிக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும்.

அந்தத் தாய் மறுத்தால்?

மறுக்க அவருக்கு உரிமை உண்டு. அதற்காக அவரைக் கடிந்துகொள்ளவோ பால் கொடுக்கும் உதவியைக் குறைக்கவோ யாருக்கும் உரிமை இல்லை. மறுத்த நேரத்தையும் சொன்ன காரணத்தையும் எழுதி வையுங்கள், அது அடுத்த வேளைத் தாதிக்கு உதவும்.

நாளைக்கு நீங்களும் அந்த மாணவியும் சேர்ந்து அந்தக் கட்டிலுக்குப் போங்கள். பேச வேண்டியவள் மாணவி. "அன்றைக்கு நான் கழுத்தைப் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்தீர்கள். இப்போது எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொண்டு வந்திருக்கிறேன்" என்று சொல்லட்டும். கட்டும் துணியை எடுக்க வேண்டாம். தாய் சாய்ந்திருக்க, குழந்தையை அவர் நெஞ்சில் வைத்து, மாணவி தன் கையாலேயே தலையைத் தாங்கிக்கொண்டு, கண்ணாடியைத் தாயிடம் கொடுத்து மூச்சை எண்ணட்டும். எவ்வளவு நேரம் என்பதை அன்றைக்கு மட்டும் தாய் தீர்மானிக்கட்டும். அதற்கும் அவர் வேண்டாம் என்றால் துணியை மடித்து அவருடைய அலமாரியில் வைத்துவிட்டு, மாலைப் பால் கொடுத்த பிறகு இன்னொரு முறை கேளுங்கள்.